வேலையிலிருந்து நீக்கிவிட்டார்களா? மேலிடத்துக்கு மறுபரிசீலனைக் கடிதம் எழுதுவது எப்படி

2025 ஜூனில் என் தங்கை வீட்டுக்காரரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். கோவையில் வீட்டு உபயோகப் பொருள் விற்கும் ஒரு கம்பெனியின் குடோனில் ஆறு வருஷமாக ஸ்டாக் இன்சார்ஜ். டெர்மினேஷன் லெட்டர் ஒரே பக்கம், அதில் இரண்டு காரணங்கள்: அனுமதியில்லாமல் மூன்று நாள் வரவில்லை, ஸ்டாக்கில் 14 மிக்ஸி குறைகிறது. அவரும் நானும் உட்கார்ந்து டைரக்டருக்கு எழுதிய கடிதத்தை வைத்தே இதைச் சொல்கிறேன். கடையிலோ தனியார் அலுவலகத்திலோ வேலை பார்ப்பவர்கள் இதை அப்படியே பின்பற்றலாம். தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு கம்பெனிக்குள் போகும் கடிதம் இதேதான், அதற்குப் பிறகு போகும் சட்ட வழி மட்டும் வேறு.

1. முதலில் தேதியைக் குறியுங்கள்

லெட்டரில் போட்டிருக்கும் தேதி ஒன்று, அது உங்கள் கைக்கு வந்த தேதி இன்னொன்று. இரண்டையும் எழுதி வையுங்கள், தபாலில் வந்திருந்தால் கவரையும் எறியாதீர்கள். மாப்பிள்ளைக்கு வந்த உத்தரவில் ஜூன் 14 என்று இருந்தது, கைக்கு வந்தது ஜூன் 17.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், ஆறு மாதமாவது தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தராமலும் நீக்க முடியாது. நோட்டீஸ் இல்லாமல் நீக்க வேண்டுமானால், ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டி, விசாரணை நடத்தி, அதில் சாட்சியம் பதிவாகியிருக்க வேண்டும். இதை மீறி நீக்கினால் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதற்குக் கெடு, உத்தரவு கைக்கு வந்ததிலிருந்து 30 நாள்.

நீங்கள் டைரக்டருக்கு எழுதும் கடிதம் இந்த 30 நாளை நிறுத்தி வைக்காது. "பேசிக்கிட்டு இருக்கோம், அடுத்த வாரம் சொல்றோம்" என்று இழுத்தே கெடுவைத் தாண்டவிட்ட ஆட்களை எனக்குத் தெரியும். ஜூன் 17-க்கு ஜூலை 17 என்று காலண்டரில் வட்டம் போட்டுவிட்டுத்தான் நாங்கள் எழுதவே ஆரம்பித்தோம்.

2. யாருக்கு எழுதுவது

நீக்கல் உத்தரவில் கையெழுத்துப் போட்டவருக்கு இல்லை, அவருக்கு மேலே இருப்பவருக்கு. ஹெச்.ஆர். மேனேஜர் கையெழுத்து என்றால் டைரக்டருக்கோ நிர்வாக இயக்குநருக்கோ எழுதி, ஹெச்.ஆருக்கு ஒரு நகல் போடுங்கள். தான் போட்ட உத்தரவைத் தானே மறுபரிசீலனை செய்வதில் அர்த்தமில்லை. கம்பெனியின் பணியாளர் விதிகளில் மேல்முறையீட்டுக்கு என்று தனிக் கெடு இருக்கலாம், சில இடங்களில் ஏழு நாள்தான். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரோடு கொடுத்த தாள்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

3. தேதி அட்டவணை: கடிதமே இங்கேதான் உருவாகிறது

ஒரு வெள்ளைத் தாளில் மூன்று பத்தி போடுங்கள்: தேதியும் நேரமும், என்ன நடந்தது, அதற்கு என்ன ஆதாரம். இந்த வேலைக்கு எக்ஸெல் வேண்டாம் என்பது என் கருத்து. கையால் எழுதும்போதுதான் விட்டுப்போனது ஞாபகம் வரும்.

மாப்பிள்ளை முதலில் எழுதித் தந்த தாளில் "கிளை மேலாளருக்கு என் மேல் ரொம்ப நாளாகக் காழ்ப்பு, புது ஆளைக் கொண்டுவரத்தான் இதெல்லாம்" என்று பாதிப் பக்கம் இருந்தது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மூன்றாவது பத்தியில் எழுத ஒன்றும் இல்லை. ஆதாரப் பத்தி காலியாக இருக்கும் எதையும் கடிதத்தில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்து அடித்துக்கொண்டே வந்தோம். "மச்சான், எல்லாத்தையும் அடிச்சுட்டா அப்புறம் என்ன இருக்கு?" என்று கேட்டார். மிஞ்சியது இவ்வளவு:

மே 31, மாதக் கடைசி ஸ்டாக் எண்ணிக்கை. குறைவு இல்லை, தாளில் கிளை மேலாளரின் கையெழுத்து.
ஜூன் 1, ஞாயிறு விடுமுறை.
ஜூன் 2, வேலைக்கு வந்தார். வெளியே போன சரக்குக்கெல்லாம் டெலிவரி சலான் உண்டு. மாலையில் சாவியை ஆபீஸில் கொடுத்தார், சாவிப் பதிவேட்டில் பதிவு.
ஜூன் 3, காலை 7.20-க்கு அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொல்லி மேலாளருக்கு வாட்ஸப். 7.45-க்கு "சரி, பாத்துக்கோங்க" என்று பதில்.
ஜூன் 4, அதே காரணம் சொல்லி மறுபடி செய்தி. நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை.
ஜூன் 5, தகவல் சொல்லவில்லை.
ஜூன் 6, வேலைக்குத் திரும்பினார். அவர் வருவதற்கு முன்பே எண்ணி முடித்து 14 குறைவு என்றார்கள்.

படிக்கிற டைரக்டருக்கு விஷயம் தானாகத் தெரிகிறது: மூன்று நாள் சாவி வேறு கையில் இருந்திருக்கிறது, எண்ணும்போது இவர் கூட இல்லை. சாவி யாரிடம் இருந்ததோ அவர்மேல் பழிபோடும் ஒரு வார்த்தைகூடக் கடிதத்தில் வேண்டாம். போட்டால் அதை நீங்கள் நிரூபிக்க வேண்டியதாகிவிடும்.

ஜூன் 5-ஐ அப்படியே ஒப்புக்கொள்வதா என்பதில்தான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். ஒப்புக்கொள்ள வேண்டும் என்றுதான் இன்றும் சொல்வேன். வருகைப் பதிவு அவர்களிடம் இருக்கிறது, மறைத்தால் மற்ற ஆறு வரியையும் நம்பமாட்டார்கள். தவிர, ஒரு நாள் தகவல் சொல்லாததற்கு ஆறு வருஷ வேலையே தண்டனையா என்ற கேள்வியைக் கேட்க இடம் கிடைப்பதும் அதனால்தான்.

4. ஆதாரம் சேர்ப்பது

உங்கள் போனில், உங்கள் வீட்டில் இருப்பதை மட்டும் எடுங்கள்: வாட்ஸப் உரையாடல், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, சம்பளச் சீட்டு, முன்பு வந்த பாராட்டுக் கடிதம். ஸ்கிரீன்ஷாட்டில் தேதி தெரிய வேண்டும். அதோடு `Export chat` கொடுத்து முழு உரையாடலையும் சேமியுங்கள், பழைய போனை விற்காதீர்கள்.

ஆபீஸ் மெயிலில் இருக்கும் ஸ்டாக் கணக்கையோ பதிவேட்டையோ சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். கம்பெனித் தகவலை வெளியே எடுத்துப் போனார் என்று அதுவே புதுக் குற்றச்சாட்டாகிவிடும். அவர்களிடம் இருக்கும் ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கடிதத்தில் கேளுங்கள், போதும்.

5. கடிதம்

ஒன்றரைப் பக்கம் தாண்ட வேண்டாம். எங்களுடையதைச் சுருக்கித் தருகிறேன்.

> பெறுநர்: இயக்குநர் அவர்கள்
>
> பொருள்: பணிநீக்க உத்தரவை மறுபரிசீலனை செய்ய வேண்டுதல் தொடர்பாக.
>
> பார்வை: 14.06.2025 தேதியிட்ட பணிநீக்க உத்தரவு (17.06.2025 அன்று பெறப்பட்டது).
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> தங்கள் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக ஸ்டாக் இன்சார்ஜாகப் பணிபுரிந்து வந்தேன். பார்வையில் காணும் உத்தரவில் கூறப்பட்ட இரு காரணங்கள் குறித்த விவரங்களைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.
>
> விடுப்பு: 03.06.2025 அன்றும் மறுநாளும் என் தாயாரின் மருத்துவமனை அனுமதி குறித்துக் கிளை மேலாளருக்குத் தகவல் தெரிவித்தேன் (இணைப்பு 1, 2). 05.06.2025 அன்று தகவல் தெரிவிக்கத் தவறியதை ஒப்புக்கொள்கிறேன்.
>
> இருப்பு: 31.05.2025 அன்று எடுத்த கணக்கில் குறைவு இல்லை. 02.06.2025 மாலை சாவியை ஒப்படைத்தேன். 06.06.2025 அன்று எடுத்த கணக்கின்போது நான் உடன் இல்லை.
>
> இவை குறித்து எனக்கு விளக்கம் கேட்கும் நோட்டீஸ் தரப்படவில்லை, விசாரணையும் நடைபெறவில்லை.
>
> எனவே, (அ) உத்தரவை ரத்து செய்து பணியில் தொடர அனுமதிக்கவும், அல்லது ஒப்புக்கொண்ட தவறுக்கு ஏற்ற குறைந்த நடவடிக்கையைப் பரிசீலிக்கவும், (ஆ) நேரில் விளக்கமளிக்க வாய்ப்பளிக்கவும், (இ) இரு ஸ்டாக் கணக்குகள், ஜூன் 2 முதல் 6 வரையிலான சாவிப் பதிவேடு, டெலிவரி சலான்கள் ஆகியவற்றின் நகல்களை வழங்கவும், குடோன் கேமரா பதிவை அழியாமல் பாதுகாக்கவும் வேண்டுகிறேன்.
>
> 01.07.2025-க்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். இக்கடிதம் சட்டப்படி எனக்குள்ள உரிமைகளுக்குப் பாதகமின்றி எழுதப்படுகிறது.

கேமரா வரியை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான கேமரா பெட்டிகளில் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவு மேல் புதியது ஏறிவிடும், நாளாக ஆக அந்த ஆதாரம் இல்லாமலே போகும். பதில் தேதியை 30 நாள் கெடுவுக்கு நன்றாக முன்னால் வைத்ததும் வேண்டுமென்றேதான். "வழக்குப் போடுவேன்" என்று எங்கும் எழுதவில்லை, கடைசி வரி அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

கம்பெனியின் கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்தில் என்றால் இதை ஆங்கிலத்தில் அனுப்புங்கள், ஆனால் முதலில் தமிழில் எழுதி முடித்துவிட்டு மாற்றுங்கள். கூகுள் டாக்ஸில் அடித்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புவதே எனக்குப் பிடித்த வழி. வேர்ட் கோப்பை அப்படியே அனுப்பினால் அந்தப் பக்கம் தமிழ் எழுத்து உடைந்து கட்டம் கட்டமாகத் தெரிய வாய்ப்புண்டு.

6. அனுப்புவது

தபாலிலும் மெயிலிலும், ஒரே நாளில். மெயில் உங்கள் சொந்த முகவரியிலிருந்து போகட்டும். நாங்கள் ஜூன் 21 அன்று ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். *(பின்சேர்க்கை: 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. கவுண்டரில் ஸ்பீட் போஸ்ட் கேட்டு, பதிவு வசதியும், போய்ச் சேர்ந்ததற்கான சான்றும் வேண்டும் என்று சொல்லுங்கள்.)* ரசீதைப் போட்டோ எடுத்து வையுங்கள், அந்த மை சீக்கிரம் மங்கிவிடும்.

டைரக்டர் நேரில் கூப்பிட்டார். சாவிப் பதிவேட்டை அவர் முன்னாலேயே திறந்து பார்த்தார்கள். நீக்கல் உத்தரவு ரத்தாகி, ஜூன் 5-க்குச் சம்பளப் பிடித்தமும் ஓர் எச்சரிக்கைக் கடிதமும் தந்து வேறு கிளைக்கு மாற்றினார்கள். எல்லா இடத்திலும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன்.

படித்தவர்கள் கேட்டதால் சேர்த்தது

செட்டில்மென்ட் பணத்தை வாங்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். உங்கள் கணக்கில் அவர்களாகப் போட்டால் அது பாட்டுக்கு இருக்கட்டும், "பணிநீக்க உத்தரவை ஏற்காமல், ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று அன்றே ஒரு மெயில் போடுங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அச்சடித்த தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். தேதி போடாத ராஜினாமா கடிதத்தை நீட்டினால் அதிலும் போடாதீர்கள். ராஜினாமா என்று ஆகிவிட்டால் மேல்முறையீடு செய்ய நீக்கல் உத்தரவே இல்லை.

மேனேஜர் பதவியில் இருப்பவர் கேட்டிருந்தார். நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு இந்தக் கடைகள் சட்டம் பொருந்தாது. விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று இருப்பது மட்டும் போதாது, ஆள் எடுக்க, லீவு தர, தண்டிக்க உங்களுக்கு அதிகாரம் இருந்ததா என்பதைப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் கெடு முடியும் முன்பே, உத்தரவு, கவர், நீங்கள் அனுப்பிய கடிதம், தபால் ரசீது நான்கையும் எடுத்துக்கொண்டு ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பாருங்கள்.