ஆறு பாடவேளையில் கோலாட்டம்: ஏழும் எட்டும்தான் கஷ்டம்

உயர் தொடக்க வகுப்புக்கு ஒரு நாட்டுப்புற நடனத்தைப் பாடமாக நடத்த வேண்டும், அதிலேயே தாளம், உடல் ஒருங்கிணைவு, கூடிச் செயல்படுதல் மூன்றும் வர வேண்டும் என்றால் நான் கோலாட்டத்தைத்தான் எடுப்பேன். கும்மியில் ஒருவர் தாளம் தவறினாலும் கூட்டத்தில் கரைந்துவிடும். கோலாட்டத்தில் எதிரே நிற்பவரின் கோல் வரவில்லை என்றால் சத்தமே வராது, அதனால் தவறு உடனே இருவருக்கும் தெரிந்துவிடுகிறது. ஆசிரியர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

20 பேர், 10 ஜோடி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பாடவேளை 40 நிமிடம்.

கோல்

முதல் இரண்டு பாடவேளைக்கு மரக்கோல் வேண்டாம். பழைய செய்தித்தாளை இறுக்கமாகச் சுருட்டி, இரண்டு முனையிலும் நடுவிலும் ஒட்டுநாடா சுற்றினால் போதும். நீளம் சுமார் 30 செ.மீ. காகிதக் கோல் விரலில் பட்டாலும் வலிக்காது. வலி பயம் இல்லாத பிள்ளை கையை முழுசாக நீட்டும். பயந்த பிள்ளை மணிக்கட்டை மட்டும் அசைக்கும்; அந்தப் பழக்கம் பிறகு போகாது. மரக்கோலுக்கு மாறும்போது முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, சிம்பு எதுவும் இல்லை என்று தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிடிப்பது கோலின் கீழ்ப்பகுதியில், தட்டுவது மேல்பகுதியில், உயரம் நெஞ்சளவு. முகத்துக்கு மேலே கோல் போகவே கூடாது. வலதுகைக் கோலில் மட்டும் சிவப்பு நூல் கட்டுங்கள். காரணம் கீழே வருகிறது.

எட்டு எண்ணிக்கை

எதிரெதிரே நின்று கோலை நீட்டினால் இரண்டு கோலும் ஒரு சாண் அளவு குறுக்கே படும் தூரத்தில் ஜோடிகளை நிறுத்துங்கள். ‘தகதிமி தகஜணு’ என்று எல்லோரும் வாயால் சொல்ல வேண்டும். ஓர் எழுத்துக்கு ஒரு எண்ணிக்கை.

1 – தன் இரண்டு கோலையும் தட்டு
2 – வலது கோலை எதிராளியின் வலது கோலில்
3 – தன் கோல்கள்
4 – இடது கோலை எதிராளியின் இடது கோலில்
5 – தன் கோல்கள்
6 – இரண்டு கோலாலும் எதிராளியின் இரண்டு கோலிலும்
7, 8 – கோல் சும்மா, கால் மட்டும்

இரண்டாவது எண்ணிக்கையில் பிள்ளைகள் கண்ணாடியில் பார்ப்பது போல நேர் எதிரே இருக்கும் கையைத் தட்டுவார்கள். வலது கை குறுக்கே போக வேண்டும் என்று விளக்கினால் குழப்பம் கூடும். ‘சிவப்பு சிவப்போடு’ என்றால் முடிந்தது. நூல் அதற்குத்தான்.

முதல் பாடவேளையில் கோலே இல்லாமல் கைதட்டி இதைச் செய்யுங்கள். இரண்டாவதில் காகிதக் கோல், நின்ற இடத்திலேயே. வேகம் நிமிடத்துக்கு 60 தட்டு.

ஏழும் எட்டும்

இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் திணறியிருக்கிறேன். ஆறு வரை அழகாக வரும். அப்புறம் வகுப்பே ஓட ஆரம்பிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூடி, ஒரு நிமிடத்தில் மேளம் ஒரு பக்கம், கோல் ஒரு பக்கம். தட்டும் வேகத்தைக் குறைக்கச் சொல்லிப் பயனில்லை, ஏனென்றால் சிக்கல் தட்டுவதில் இல்லை. சத்தமில்லாத இரண்டு எண்ணிக்கையைப் பிள்ளைகள் காலி நேரமாக நினைத்துச் சுருக்கிவிடுகிறார்கள். ஒருவர் ஒன்றாம் எண்ணிக்கையை அரை நொடி முன்னால் தட்டினால் பக்கத்து ஜோடி அந்தச் சத்தத்துக்கு ஓடிப்போய்ச் சேரும்.

தீர்வு, அந்த இரண்டு எண்ணிக்கைக்கும் வேலை கொடுப்பது. ‘ஜ’வுக்கு வலது கால், ‘ணு’வுக்கு இடது கால், இரண்டும் தரையில் கேட்கும்படி. சத்தம் கையிலிருந்து காலுக்கு மாறுகிறது, எட்டில் எதுவும் காலியாக இல்லை. மூன்றாம் பாடவேளை முழுக்க இதற்கே ஒதுக்குங்கள். அவசரப்பட்டு வட்டத்துக்குப் போகாதீர்கள்.

சரியாக வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஆட்டம் நடக்கும்போது மேளத்தை இரண்டு சுற்று நிறுத்துங்கள். மூன்றாவது சுற்றின் ஒன்றில் திரும்ப அடியுங்கள். பிள்ளைகளின் ‘த’வும் மேளமும் ஒன்றாக விழுந்தால் தாளம் உள்ளே போய்விட்டது.

இதனால்தான் பதிவுசெய்த பாட்டை நான் கடைசி வகுப்பு வரை போடுவதில்லை. பாட்டு பிள்ளைகளுக்காக மெதுவாகாது, நிற்காது. கைபேசியில் தாளம் காட்டும் செயலியும் சரிப்படாது, 20 பேரின் கோல் சத்தத்தில் அது காதில் விழாது. ஒரு சின்ன மேளம், அல்லது பிளாஸ்டிக் வாளியும் குச்சியும் போதும்.

வட்டமும் ஜோடி மாற்றமும்

நான்காம் பாடவேளையில் உள்வட்டம் 10 பேர் வெளியே பார்த்து, வெளிவட்டம் 10 பேர் உள்ளே பார்த்து. வெளிவட்டம் மட்டும் 7, 8இல் தன் வலப்பக்கம் ஓர் இடம் நகர வேண்டும். உள்வட்டம் நின்ற இடத்திலேயே கால் தட்டும். இதை மாற்றாதீர்கள். ‘எல்லோரும் வலப்பக்கம்’ என்று சொன்னால் எதிரெதிரே நிற்பவர்கள் எதிரெதிர்த் திசையில் போவார்கள், இடையில் ஒருவரைத் தாண்டிவிடுவார்கள். 10 ஜோடியில் அப்படிப் போனால் ஒவ்வொருவரும் 5 பேரை மட்டுமே திரும்பத் திரும்பச் சந்திப்பார்கள். வெளிவட்டம் மட்டும் நகர்ந்தால் 10 சுற்றில் எதிர்வட்டத்தின் 10 பேரையும் பார்த்துவிட்டுப் பழைய ஜோடிக்குத் திரும்பலாம். நிமிடத்துக்கு 80 தட்டு என்றால் அது சரியாக ஒரு நிமிடம்.

கூடிச் செயல்படுதலைப் பார்க்க வேண்டியது இங்கேதான். உயரமான பிள்ளை குள்ளமான பிள்ளையின் எதிரே வந்ததும் கோலைத் தாழ்த்துகிறதா? தடுமாறும் ஜோடிக்காகக் கோலை நீட்டிக் காத்திருக்கிறதா, இல்லை, இழுத்து அடிக்கிறதா? ஒரு வகுப்புக்கு ஐந்து பேரை மட்டும் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோரையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் யாரையும் பார்த்ததாக ஆகாது.

ஐந்தாவதில் நான்கு பேர் கொண்ட குழுக்கள், தாங்களே ஒரு எட்டு எண்ணிக்கை அமைக்கட்டும். நிபந்தனை ஒன்றுதான்: இரண்டு எண்ணிக்கை கோல் தட்டாமல் காலுக்கு இருக்க வேண்டும். ஆறாவதில் அதை வேறொரு குழுவுக்கு வாய்ச்சொல்லோடு கற்றுக்கொடுக்கட்டும். ஆடிக் காட்டுவதைவிட, கற்றுக்கொடுக்கும்போது யார் எதைப் புரிந்துகொண்டார் என்பது நன்றாகத் தெரிகிறது. கால் எண்ணிக்கையைச் சொல்லாமல் விட்ட குழுவிடம் கற்றவர்கள் கட்டாயம் ஓடுவார்கள். அந்த இடத்தில் நிறுத்திக் காரணத்தைப் பிள்ளைகளிடமே கேளுங்கள்.

கயிறு பின்னும் பின்னல் கோலாட்டத்தை முதல் முறையே எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. மேலே, கீழே என்று மாறி மாறிப் போவதில் ஒருவர் தவறினால் பின்னல் பிரியாமல் சிக்கிக்கொள்ளும், எல்லோரும் அவரையே பார்ப்பார்கள்.

பின்சேர்க்கை: 21 பேர் இருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். வெளிவட்டத்தில் 11 பேரை நிறுத்தி, உள்வட்டத்தில் ஓர் இடத்தைக் காலியாக விடுங்கள். அதன் எதிரே வருபவர் அந்த ஒரு சுற்று மட்டும் ‘தகதிமி தகஜணு’ என்று உரக்கச் சொல்லித் தன் கோல்களையே தட்டுவார். 11 சுற்றில் வெளிவட்டத்தில் எல்லோருக்கும் ஒருமுறை அந்த இடம் கிடைக்கும். அடுத்த முறை வட்டங்களை மாற்றிக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கு உள்வட்டம் வசதி, 7, 8ஐக் கைப்பிடியில் கோலால் தட்டலாம். அப்போது எதிரே வருபவர்கள் கோலை இடுப்பளவுக்கு இறக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.