இங்கிலாந்துல டெபாசிட்ட பிடிச்சுக்கிட்டா ஹவுஸ் ஓனருக்கு எப்படி லெட்டர் எழுதணும்

நம்ம கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீடு காலி பண்றப்போ பெயிண்ட் அடிக்கணும்னு ஒரு மாச வாடகைய அட்வான்ஸ்ல கழிச்சுக்குவாங்க, நாமளும் மிச்சத்த வாங்கிட்டு வந்துருவோம். அதே பழக்கத்துல இங்கிலாந்துலயும் பேசாம விட்டுடறாங்க. அங்க கதையே வேற, டெபாசிட் நம்ம பணம், அதுல ஏன் பிடிக்கணும்னு ஓனர் தான் ஆதாரம் காட்டணும்.

எங்க அக்கா பையன் அங்கருந்து கூப்பிட்டு, "மாமா, 1,038 பவுண்ட் குடுத்தேன், 668 தான் வந்துச்சு, பெயிண்ட் 250, கிளீனிங் 120னு ஒரு மெசேஜ், பில்லும் இல்ல"ன்னான். நான் முதல்ல கேட்டது டெபாசிட் எந்த ஸ்கீம்ல இருக்குன்னு தான், அதாவது டெபாசிட்டுக்குப் பாதுகாப்பு குடுத்து, தகராறு வந்தா தீர்த்து வைக்கிற அமைப்பு. பணம் வாங்கி 30 நாளைக்குள்ள அரசாங்கம் அங்கீகரிச்ச மூணு ஸ்கீம்ல ஒண்ணுல அத பதிவு பண்ணி, விவரத்த நமக்கு எழுத்துல குடுத்தே ஆகணும். பண்ணலைன்னா டெபாசிட் போல 1லிருந்து 3 மடங்கு வரைக்கும் நமக்குக் குடுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போடலாம். இவன் ஓனர் பதிவு பண்ணிருந்தாரு.

அப்புறம் குடிபோனப்போ எடுத்த செக்-இன் ரிப்போர்ட்ட தோண்டினோம். பெட்ரூம் ஜன்னல் மூலைல உள்ளங்கை அளவு பழுப்பு கறை அந்த போட்டோலயே இருக்கு! ஆடி மழைல நம்ம ஊர் சுவர்ல ஓதம் ஏறி பூசணம் பிடிக்குமே, அதே தான், அத பத்தி முதல் குளிர்காலத்துலயே ஓனருக்கு மெயிலும் போட்டிருக்கான். (ஜன்னலே திறக்காம உள்ளயே துணி காயப்போட்டு வந்த பூசணம்னா நம்ம தலைல தான் விழும், கவனம்.)

லெட்டர்ல எழுதினது இவ்வளவு தான், இங்கிலீஷ்ல மரியாதையா:

"நான் இந்தத் தேதில சாவி ஒப்படைச்சேன். பிடிச்ச 370 பவுண்ட ஏத்துக்கல. ஓதக் கறை நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்தது, போட்டோவும் மெயிலும் இணைச்சிருக்கேன். 3 வருஷம் குடியிருந்ததுல பெயிண்ட் மங்கினது சாதாரண தேய்மானம். கிளீனிங்குக்கு பில்லும் போட்டோவும் அனுப்புங்க. 14 நாளைக்குள்ள பதில் வரலைன்னா ஸ்கீம்ல டிஸ்ப்யூட் போடுவேன்."

கிளீனிங்க முழுசா மறுக்க வேணாம்னு சொன்னேன், ஓவன அவன் துடைக்கவே இல்ல, பொய் சொன்னா மத்த விஷயத்துலயும் நம்ப மாட்டாங்க. ஓனர் 45 பவுண்ட் பில் காட்டினாரு, அத விட்டுட்டு மிச்சம் 325 வாங்கிட்டான்.

ஒத்துவரலைன்னா ஸ்கீம்ல டிஸ்ப்யூட் போட காசு கிடையாது, ஆனா ஓனரே பணத்த கைல வச்சிருக்கிற ஸ்கீம்னா நாள் கணக்கு உண்டு, காலி பண்ணி மூணு மாசத்துக்குள்ள போட்டுடணும்.

இன்னொண்ணு, ஓனர் குடியிருக்கிற வீட்லயே ஒரு ரூம் எடுத்துத் தங்கினா இந்த ஸ்கீம் சட்டம் பொருந்தாது. புதுசா போற நம்மாளுங்க பல பேர் அப்படியும் தங்குறாங்க, அதனால அங்க பணம் குடுக்கறப்பவே ரசீது வாங்கி, ரூம அன்னைக்கே போட்டோ எடுத்து அவங்களுக்கும் அனுப்பி வச்சிருங்க.