வரிக்கோடு உடைந்தால் முக்கோணத்தை மட்டும் திட்டாதீர்கள்

தாளில் தட்டையாக வரைந்த புலிமுகம் ஒன்றை, போட்டோவில் நேராகப் பார்க்கும் ஒருவரின் முகத்தில் படியவைக்க வேண்டும். மூல முகம் தட்டை, இலக்கு முகம் உருண்டை. புலி வரிகள் இருப்பதால் தவறு எங்கே நடந்தாலும் கண்ணில் பட்டுவிடும்; இந்த வேலையைப் பழக இதைவிட நல்ல படம் கிடையாது.

பெரும்பாலோர் `dlib` நூலகம் முகத்தில் குறித்துத் தரும் 68 புள்ளிகளோடு தொடங்குவார்கள் (ஓவியத்தில் அவற்றைக் கையால்தான் வைக்க வேண்டும்). பிறகு அந்தப் புள்ளிகளை டெலானே முறையில் முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக இழுத்துப் பொருத்துவார்கள். முதல் தவறு இங்கேயே நடக்கும். இரண்டு முகங்களுக்கும் தனித்தனியாக டெலானே போட்டால் முக்கோணங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஒரு முகத்தில் போட்டு, அதே புள்ளி எண்களை மற்றதிலும் பயன்படுத்த வேண்டும்.

அதைச் சரிசெய்த பிறகும் கன்னத்தில் வரிகள் முறிந்து நிற்கும். உடனே "முக்கோண முறை மட்டம், தின் பிளேட் ஸ்ப்லைனுக்குப் போ" என்று முடிவெடுப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த 68 புள்ளிகளில் கன்னத்தில் ஒன்றுகூட இல்லை. மூக்கு, வாய் ஓரத்திலிருந்து தாடை வரை நீண்ட முக்கோணங்கள்தான் கன்னத்தை மூடுகின்றன.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முகம் 100 பிக்சல் ஆரமுள்ள உருளை, அதன்மேல் தாளைச் சுற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தாளில் நடுக்கோட்டிலிருந்து 20 பிக்சல் தள்ளி இருக்கும் முக்கோண முனை போட்டோவில் 19.9-இல் விழும், 120-இல் இருக்கும் மறுமுனை 93.2-இல் விழும். இரண்டுக்கும் நடுவில், தாளில் 70-இல் இருக்கும் வரி 64.4-இல் விழ வேண்டும். முக்கோணம் சராசரிதான் எடுக்கும் என்பதால் 56.5-இல் வைத்துவிடும். எட்டு பிக்சல் பிழை! அந்த 70-இல் ஒரே ஒரு புள்ளியைக் கையால் சேர்த்தால், மிகப்பெரிய பிழை சுமார் இரண்டரை பிக்சலுக்கு இறங்கிவிடும். ஆனால் சேர்த்த இடத்தில், தாளின் அகலம் 89 சதவீதமாகச் சுருங்குவது திடீரென்று 58 சதவீதமாக மாறும். வரி அங்கே மடங்குவது அதனால்தான்.

ஸ்ப்லைன் உண்மையில் உதவுவது இந்த மடங்கலுக்குத்தான். மெல்லிய உலோகத் தகட்டை வளைப்பதுபோல, மாற்றத்தைப் படிப்படியாகப் பரப்பிவிடும். ஆனால் கன்னத்தில் புள்ளியே இல்லையென்றால் அங்குள்ள வளைவை அதுவும் ஊகிக்கத்தான் செய்யும். வரி வழவழப்பாக, தவறான இடத்தில் போய் நிற்கும். முறிவு தெரியாததால் தவறும் சட்டென்று தெரியாது. ஆக, எந்த முறையானாலும் முதலில் கன்னத்துக்கும் நெற்றிக்கும் புள்ளி வையுங்கள்.

சரி, ஸ்ப்லைனுக்கு வந்தாயிற்று. இப்போது திசையில் கவனம் வேண்டும். `cv2.remap` இலக்குப் படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் "மூலத்தில் எங்கிருந்து எடுப்பது?" என்று கேட்கும். அதனால் SciPy-இன் `RBFInterpolator(target, source)` என்று, இலக்கிலிருந்து மூலத்துக்குப் பொருத்த வேண்டும். மூலத்திலிருந்து இலக்குக்குப் பொருத்திவிட்டு நகர்வின் குறியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அது தலைகீழ் மாற்றம் ஆகாது.

அடுத்த வம்பு வாயில். ஓவியத்தில் உதடுகள் மூடியிருக்கும். உள் உதட்டின் மேல்புள்ளி 62, கீழ்ப்புள்ளி 66. கையால் வைக்கும்போது 66 ஒரு பிக்சல் மேலே ஏறிவிட்டால், முக்கோண முறையில் அங்கே உள்ள சில முக்கோணங்கள் மட்டும் புரளும். ஸ்ப்லைனில் ஒவ்வொரு புள்ளியும் படம் முழுவதையும் தொடுவதால், மடிப்பு சுற்றியுள்ள உதட்டுக்கும் பரவும். கண்ணால் தேடாமல், `cv2.remap`-க்குத் தரும் `map_x`, `map_y` இரண்டிலும் முகப் பகுதியை மட்டும் எடுத்து இப்படிப் பாருங்கள்:

```python
xy, xx = np.gradient(map_x)
yy, yx = np.gradient(map_y)
det = xx * yy - xy * yx
print((det <= 0).sum())
```

முகத்துக்குள் பூஜ்யத்துக்கு மேல் எண் வந்தால் எங்கோ மடிந்திருக்கிறது. முதலில் புள்ளியைத் திருத்துங்கள். `RBFInterpolator`-இன் `smoothing`-ஐ ஏற்றுவது அப்புறம். அதன் அளவும் அலகைப் பொறுத்தது. பிக்சல் அலகில் 1 என்பது கண்ணுக்கே தெரியாது. அதே 1, 0 முதல் 1 வரை சுருக்கிய அலகில் முகத்தையே தட்டையாக்கிவிடும்.

முகத்துக்கு வெளியே ஸ்ப்லைனை நம்பவே கூடாது. முடியும் காதும் சேர்ந்து இழுபடும். படத்தின் நான்கு மூலைகளையும் ஆணியடித்தால் போதும் என்பார்கள். ஆனால் அளவிலும் சாய்விலும் இரண்டு முகங்களையும் முன்பே ஒத்துவைக்காவிட்டால், அந்த ஆணிகளே நெற்றியைக் கோணலாக்கும். தாடைக்கோட்டோடு மாஸ்க் வெட்டிவிடுவதே எனக்குப் பிடித்த வழி.

இலக்கு முகம் பக்கவாட்டில் நன்றாகத் திரும்பியிருந்தால் இரண்டு முறையுமே வேலைக்கு ஆகாது. மூக்குக்குப் பின்னால் மறைந்த கன்னத்துக்குப் போட்டோவில் இடமே இல்லை. தூரத்துத் தாடைப் புள்ளிகளும் உண்மையான தாடையில் இல்லாமல், கண்ணுக்குத் தெரியும் ஓரத்தில் போய் உட்கார்ந்திருக்கும். அங்கே முப்பரிமாண முக மாதிரிதான் வேண்டும்.