ரேட்டிங்கிலிருந்து வெற்றி வாய்ப்பைக் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 ஜூலையில் விம்பிள்டனை வென்ற மறுநாள், ஆடவர் தரவரிசையில் ஜோக்கோவிச் 3-ஆம் இடத்திலிருந்து 7-ஆம் இடத்துக்கு இறங்கினார். ரஷ்ய, பெலாரஸ் வீரர்களை அந்த ஆண்டு விம்பிள்டன் அனுமதிக்கவில்லை. அதனால் அந்தப் போட்டிக்குப் புள்ளி எதுவும் கிடையாது என்று ஆடவர் டென்னிஸ் அமைப்பான ஏடிபி அறிவித்துவிட்டது. முந்தைய ஆண்டு அங்கே வென்றதற்காக அவரிடம் இருந்த 2000 புள்ளிகளும் கணக்கிலிருந்து போயின. ஏடிபி தரவரிசை என்பது கடந்த 52 வாரங்களில் சேர்த்த புள்ளிகளின் கூட்டல்தான். இன்று இரண்டு பேர் மோதினால் யார் கை ஓங்கும் என்று சொல்வது அதன் வேலையே இல்லை. அதை வைத்து வெற்றி வாய்ப்பைக் கணிப்பதுதான் முதல் தவறு.

அந்த வேலைக்கு ஏற்றது எலோ ரேட்டிங். ஆர்பத் எலோ சதுரங்கத்துக்காக வகுத்த முறை இது. வலுவான எதிராளியை வென்றால் நிறைய ஏறும், எளியவரை வென்றால் கொஞ்சம்தான் ஏறும். இரண்டு பேரின் ரேட்டிங் வித்தியாசத்தை d என்றும், ரேட்டிங் கூடியவர் ஓர் ஆட்டத்தில் சராசரியாக எடுக்கக்கூடிய புள்ளியை E என்றும் வைத்துக்கொண்டால் கணக்கு இவ்வளவுதான்:

```
E = 1 / (1 + 10^(-d/400))
```

வித்தியாசம் 100 என்றால் E = 0.64. டென்னிஸில் டிரா கிடையாது. ஆகவே 64 சதவீதத்தை அப்படியே வெற்றி வாய்ப்பாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லா ஆட்டத்துக்கும் ஒரே எண்ணைப் போடக்கூடாது. மூன்று செட் ஆட்டத்தில் 64 சதவீத வாய்ப்பு உள்ளவருக்கு ஒரு செட்டை வெல்லும் வாய்ப்பு சுமார் 59 சதவீதம். அதையே ஐந்து செட் ஆட்டத்துக்கு விரித்தால் 67 சதவீதம் வரும். ஆட்டம் நீள நீள வலுவானவருக்குச் சாதகம்தான். களிமண் தரைக்கும் புல்தரைக்கும் தனித்தனி ரேட்டிங் வைப்பது நல்லது. ஆனால் புல்தரை ஆட்டங்கள் வருடத்தில் சில வாரங்களே நடப்பதால், அந்த ரேட்டிங்கை மட்டும் நம்பாமல் பொது ரேட்டிங்கோடு கலந்தே பயன்படுத்த வேண்டும்.

கால்பந்துக்கு வந்தால்தான் பலரும் சறுக்குகிறார்கள். அதே சூத்திரம், அதே 100 புள்ளி வித்தியாசம், அதே 0.64. இதை வெற்றி வாய்ப்பு என்று எடுத்துக்கொள்வது பெரும் பிழை. இங்கே E என்பது சராசரியாக எதிர்பார்க்கும் புள்ளி: வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை. அந்த ஆட்டம் டிராவாக 25 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று வையுங்கள். 64-இல் பன்னிரண்டரை டிராவிலிருந்து வந்தது. மீதி 51.5 சதவீதம்தான் வெற்றி, தோல்வி 23.5. மூன்றில் இரண்டு பங்கு போல் தோன்றிய அணி, உண்மையில் பாதிக்குச் சற்று மேலேதான் நிற்கிறது.

டிரா வாய்ப்பை எலோ சொல்லாது, அதை நாம்தான் தனியாகக் கணிக்க வேண்டும். எல்லா ஆட்டத்துக்கும் ஒரே 25 சதவீதம் போடுவதும் சரியல்ல. அணிகள் சமமாக இருக்கும்போது டிரா கூடும், இடைவெளி பெருகப் பெருகக் குறையும். ரேட்டிங் வித்தியாசத்தை முதலில் இரு அணிகளின் எதிர்பார்க்கும் கோல்களாக மாற்றி, சராசரியிலிருந்து ஒவ்வொரு கோல் எண்ணிக்கைக்கும் உள்ள வாய்ப்பைத் தரும் பாய்சான் பரவல் வழியாக 0-0, 1-1, 2-1 என ஒவ்வொரு முடிவின் வாய்ப்பையும் எடுப்பது நல்ல வழி. டிரா அதிலேயே கிடைத்துவிடும்.

சொந்த மண்ணையும் மறக்கக்கூடாது. உலகக் கால்பந்து எலோ பட்டியல், உள்ளூரில் ஆடும் அணிக்கு 100 புள்ளி சேர்த்துக் கணக்கிடுகிறது. மேலே சொன்ன அணி சொந்த மைதானத்தில் ஆடினால் வித்தியாசம் 200, E 0.76, டிராவுக்கு 22 விட்டால் வெற்றி 65 சதவீதம். எதிரணியின் மைதானத்தில் ஆடினால் வித்தியாசம் பூஜ்யம். டிராவுக்கு 26 விட்டால் வெற்றி 37 மட்டுமே. ஆடுவது அதே இரண்டு அணிகள்தான்.

இன்னொன்று, பட்டியலை ஓரிடத்தில் எடுத்துச் சூத்திரத்தை வேறிடத்தில் எடுப்பது. ஃபிஃபா 2018 முதல் எலோ வழியைத்தான் பின்பற்றுகிறது. ஆனால் அதன் சூத்திரத்தில் 400-க்குப் பதில் 600, உள்ளூர்ச் சாதகமும் கிடையாது. ஃபிஃபா பட்டியலில் உள்ள 100 புள்ளி வித்தியாசத்தை 400 சூத்திரத்தில் போட்டால் 0.64 வரும், ஃபிஃபாவின் சொந்தக் கணக்கில் அது 0.595-தான்.

2022 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவை சவூதி அரேபியா 2-1 என்று வீழ்த்தியதும், ரேட்டிங்கே பொய் என்று பலர் பேசினார்கள். பத்து சதவீத வாய்ப்பு என்றாலே பத்தில் ஒருமுறை நடக்கும் என்றுதானே பொருள்? கணிப்பைச் சோதிக்க, 60 முதல் 65 சதவீதம் என்று நீங்கள் குறித்த ஆட்டங்களை எல்லாம் ஒன்றாகச் சேருங்கள். சில நூறு ஆட்டங்களாவது வேண்டும். அவற்றில் 62 சதவீதத்தை ஒட்டி வெற்றி வந்தால் கணிப்பு சரி. 55 சதவீதமே வருகிறது, மற்ற அடுக்குகளிலும் இதே கதைதான் என்றால் உங்கள் எண்கள் வரம்பு மீறுகின்றன. டிராவைப் பிரித்தீர்களா என்று முதலில் பாருங்கள். பிரித்த பிறகும் அப்படியே இருந்தால் 400 என்ற வகுக்கும் எண்ணைக் கொஞ்சம் கூட்டி, அதுவரை பயன்படுத்தாத ஆட்டங்களில் மறுபடி சோதியுங்கள்.