சாயங்காலம் கண் எரியுதா? வறட்சியா, அலர்ஜியா என்று பிரித்துப் பார்ப்பது எப்படி

மண்டபம் என்ற ஊரில் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கும் என் அத்தை மகளுக்கு நாலு மணியானால் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தும், எரியும். ஆடிக்காற்றில் புழுதி பறக்கிற ஊர், சுற்றிலும் சீமைக்கருவேலம், அதனால் வீட்டில் எல்லோரும் அலர்ஜி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். மருந்துக்கடையில் செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை வாங்கிப் போட்டாள், எரிச்சல் கூடியதுதான் மிச்சம்.

முதலில் நேரத்தைக் கவனியுங்கள். காலையில் கண் நன்றாக இருந்து, திரையைப் பார்க்கப் பார்க்க மோசமாகி, ஞாயிற்றுக்கிழமை குறைந்தால் வறட்சி என்று சந்தேகிக்கலாம். அலர்ஜி வேலை நேரம் பார்க்காது. வீடு கூட்டும்போதோ காற்றில் வெளியே போனாலோ கிளம்பும்.

அடுத்து, கண்ணைக் கசக்கத் தோன்றுகிறதா? அலர்ஜியின் முக்கிய அடையாளம் அரிப்பு, அதுவும் மூக்கை ஒட்டிய ஓரத்தில். கூடவே தும்மல், இமை வீக்கம் வரலாம். வறட்சியில் உறுத்தலும் எரிச்சலும்தான் அதிகம், எழுத்து மங்கி, கண் சிமிட்டினால் தெளியும். கண்ணீர் வழிவதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், காய்ந்த கண்ணும் எரிச்சல் தாங்காமல் நீர் விடும்.

சந்தேகம் தீரவில்லையா? ஃபேனை நிறுத்திவிட்டு, இரண்டு தடவை சிமிட்டி, அப்புறம் சிமிட்டாமல் ஒரே இடத்தைப் பாருங்கள். 10 வினாடிக்குள் எரிந்தால் கண்ணீர்ப் படலம் சீக்கிரம் உடைகிறது என்று ஊகிக்கலாம். இது வெறும் குறிப்புதான், இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும்.

அவளுக்கு அரிப்பே இல்லை, எரிச்சலும் சீக்கிரமே வந்தது. திரையைப் பார்க்கும்போது நாம் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறையும், அதிலும் பல தடவை இமை முழுசாக மூடாது. இமை ஓரத்துச் சுரப்பிகள் விடும் எண்ணெய் பரவாமல் கண்ணீர் ஆவியாகிவிடும். அவள் விஷயத்தில் டேபிள் ஃபேன் வேறு நேராக முகத்துக்கு. போதாக்குறைக்குச் செட்ரிசின் மாதிரி மாத்திரைகள் கண்ணீரையும் குறைக்கும்.

சரி, என்ன செய்தாள்? ஃபேனை முதுகுப் பக்கம் திருப்பினாள், திரையைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறக்கினாள், ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் இமையை முழுசாக மூடித் திறந்தாள். இரவில் வெதுவெதுப்பான ஈரத்துணியை மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிஷம் வைத்து, ஆறினால் மறுபடி நனைத்தாள். அது உறைந்த எண்ணெயை இளக்கும். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. அதை நாளைக்கு நாலு தடவைக்கு மேல் விட வேண்டியிருந்தால் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பிரிசர்வேட்டிவ் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். எரிச்சல் அடங்கச் சில வாரம் பிடித்தது.

அலர்ஜி என்று தெரிந்தாலோ குளிர்ந்த துணி ஒத்தடம், அதற்கான சொட்டு. சிவப்பு போக்கும் சொட்டை நாள் கணக்கில் விடாதீர்கள். ஸ்டீராய்டு சொட்டை நீங்களாக வாங்கவே வாங்காதீர்கள், கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். கடும் வலி, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், பார்வைக் குறைவு, கெட்டியான பீளை, இதில் ஏதாவது இருந்தால் சொட்டெல்லாம் அப்புறம், அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.