நடுராத்திரி விழித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் தூங்காத குழந்தை: கணக்குப் போட்டுச் சரிசெய்யும் முறை

என் மகளுக்கு 20 மாதம் ஆனபோது ராத்திரி ஒன்றேகால் மணிக்குச் சொல்லிவைத்த மாதிரி எழுந்து உட்காருவாள். அழ மாட்டாள், பேசுவாள், பாடுவாள், என் மூக்கைப் பிடித்து இழுப்பாள், மூன்றரை மணிக்குத்தான் மறுபடி கண் அசருவாள். பசி என்று அத்தை பால் காய்ச்சிக் கொடுத்தார், பல் முளைக்கிறது என்றார் பக்கத்து வீட்டு அக்கா. இரண்டும் இல்லை. இதற்கு ஸ்ப்ளிட் நைட் என்று பெயர்.

குழந்தைக்குத் தேவையான தூக்கத்தைவிட அதிக நேரம் படுக்கையில் போட்டுவைப்பதுதான் பெரும்பாலும் காரணம். முன்னிரவில் பகல் முழுக்கச் சேர்ந்த களைப்பு தூங்கவைக்கும், விடியலுக்கு முன்னால் உடம்பின் கடிகாரம் தூங்கவைக்கும். மிச்சமாக இருக்கிற நேரம் இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து விழுகிறது, அதனால்தான் குழந்தை அந்த நேரத்தில் அவ்வளவு தெளிவாக இருக்கிறது.

முதலில் இது அதுதானா என்று பாருங்கள். ஸ்ப்ளிட் நைட்டில் குழந்தை சந்தோஷமாகவோ அமைதியாகவோ விழித்திருக்கும். வீரிட்டு அழுதால், காதைப் பிடித்தால், ஆசனவாயைச் சொறிந்தால் (கீரிப்பூச்சி ராத்திரியில்தான் அரிக்கும்), குறட்டையோடு மூச்சுத் திணறினால், கால்களை ஓயாமல் உதைத்தால் குழந்தை மருத்துவரிடம் போங்கள். கால் உதைப்புக்கு இரும்புச்சத்துக் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம். காய்ச்சலுக்கோ ஊர்ப் பயணத்துக்கோ பிறகு நாலைந்து நாள் மட்டும் இப்படி நடந்தால், காத்திருந்தாலே சரியாகிவிடும்.

அடுத்து, 7 நாள் எழுதுங்கள். படுக்கப்போட்ட நேரத்தை அல்ல, உண்மையில் தூங்கிய நேரத்தை. தோளில் சாய்ந்து தூங்கிய பத்து நிமிடமும் கணக்கில் வரும். அதை விட்டுவிட்டுத்தான் நிறைய பேர் தப்பாகக் கூட்டுகிறார்கள்.

எங்கள் வீட்டுச் சராசரி இப்படி வந்தது. இரவு 7:30 முதல் காலை 7:30 வரை படுக்கையில் 12 மணி நேரம், அதில் 2:15 விழிப்பு, ஆக ராத்திரித் தூக்கம் 9:45. மதியம் 1 முதல் 3 வரை 2 மணி நேரம். மொத்தம் 11:45. ஆனால் நாங்கள் அவளைத் தூங்கச் சொன்னதோ 14 மணி நேரம்! நடுராத்திரியில் அவள் விழித்திருந்த அதே 2:15தான் இந்த வித்தியாசம்.

இப்போது அந்த 11:45-ஐ மட்டும் பிரித்துக் கொடுங்கள். மதியம் 1 முதல் 2:30 வரை ஒன்றரை மணி நேரம், இரவு 8:45 முதல் காலை 7 வரை 10:15, சரியாகப் போச்சு. 1 முதல் 2 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் என்பது பொதுவான பரிந்துரை, அதனால் உங்கள் சராசரி 11-க்குக் கீழே வந்தால் நீங்களாகக் குறைக்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.

இதில் ரொம்பக் கஷ்டமானது காலை எழுப்புவது. ராத்திரி இரண்டு மணி நேரம் விழித்திருந்த பிள்ளையை ஏழு மணிக்கு எழுப்ப யாருக்கு மனசு வரும், எனக்கும் வரவில்லை, எட்டு வரை விட்டேன், அன்று ராத்திரி மறுபடி ஒன்றேகாலுக்கு எழுந்தாள். ராத்திரி விட்ட தூக்கத்தைக் காலையில் ஈடுகட்ட விட்டால் அடுத்த ராத்திரியும் அதே இடைவெளி திறந்துகொள்ளும். அதனால் எப்படிப்பட்ட ராத்திரியாக இருந்தாலும் ஏழு மணிக்குத் திரையை விலக்கி வெளிச்சம் வரவிடுங்கள். படுக்கும் நேரத்தை ஒரே நாளில் தள்ள வேண்டாம், இரண்டு நாளுக்கு 15 நிமிடம் போதும். நாங்கள் 7:30-லிருந்து 8:45-க்கு வரப் பத்து நாள் ஆனது.

விழித்திருக்கும்போது என்ன செய்வது? இருட்டாகவே வைத்திருங்கள். பக்கத்தில் படுத்திருங்கள், தட்டிக்கொடுங்கள், ஆனால் போன், பொம்மை, கதை எதுவும் வேண்டாம். தினமும் அந்த நேரத்தில் பால் கொடுத்தால் உடம்பு அந்த நேரத்தை எதிர்பார்க்கப் பழகிவிடும். "தூங்கு, தூங்கு" என்று இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டுவதாலும் பலனில்லை, தூக்கம் வராத குழந்தையைத் தூங்கவைக்க முடியாது.

முதல் நாலு நாள் எங்களுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை, சாயங்காலம் சிணுங்கல்தான் அதிகமானது. ஆறாவது நாள் விழிப்பு ஒன்றரை மணி நேரமானது, அப்புறம் முக்கால் மணி, பன்னிரண்டாவது நாள் புரண்டு படுத்து அப்படியே தூங்கிவிட்டாள்.

அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டால் குழந்தையே காட்டிக்கொடுக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொக்கி விழும், பகல் முழுக்க அழும், விடியற்காலை ஐந்துக்கே எழுந்துவிடும். அப்போது படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னால் கொண்டுவந்து நாலு நாள் பாருங்கள். இரண்டரை, மூன்று வயதில் தூக்கத் தேவை இன்னும் குறையும், பழைய விழிப்பு மறுபடி தலைகாட்டலாம். அப்போதும் நோட்டை எடுத்து 7 நாள் எழுதிவிட்டு, முதலில் மதியத் தூக்கத்தைக் குறையுங்கள்.