வீராணம் ஏரியில் எத்தனை நீர் மூலக்கூறு? அறிவியல் குறியீட்டில் ஒரு பெருக்கல் கணக்கு

மழைக்காலம் வந்தால் கடலூர் மாவட்டத்தில் எந்தச் செய்தித்தாளைப் பிரித்தாலும் வீராணம் ஏரிக் கணக்கு இருக்கும். முழு நீர்மட்டம் 47.50 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, இன்றைய இருப்பு இவ்வளவு, சென்னைக்குப் போவது இவ்வளவு. சில நாள் அதே கொள்ளளவை 1.465 டி.எம்.சி என்று எழுதுவார்கள். ஒரு டி.எம்.சி என்பது ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது நூறு கோடி கன அடி.

இந்த 1.465 டி.எம்.சி ஏறக்குறைய அறிவியல் குறியீடுதான். சிறிய எண் ஒன்றை முன்னால் வைத்துவிட்டு, "இதை நூறு கோடியால் பெருக்கிக்கொள்" என்கிறார்கள். நாம் அந்த நூறு கோடியை 10⁹ என்று எழுதப்போகிறோம், அவ்வளவுதான். ஏரி நிரம்பியிருக்கும்போது அதில் எத்தனை நீர் மூலக்கூறு இருக்கும் என்று பார்ப்போம். மிகப் பெரிய எண், மிகச் சிறிய எண் இரண்டுமே இந்த ஒரு கணக்கில் வந்துவிடும்.

முதல் படி: பெரிய எண்ணை எழுதுவது

கொள்ளளவை முழுதாக எழுதினால் 1,46,50,00,000 கன அடி. காற்புள்ளியை லட்சம் கோடிக்குப் போடுவதா, மில்லியனுக்குப் போடுவதா என்ற குழப்பம் இங்கேயே வரும். காற்புள்ளிகளை எடுத்துவிடுங்கள்: 1465000000. இதன் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தசமப் புள்ளி இருக்கிறது. அதை இடப்பக்கமாக நகர்த்தி, முதல் இலக்கத்துக்கு அடுத்து வையுங்கள்: 1.465. புள்ளி எத்தனை இலக்கம் தாண்டியது? ஒன்பது. ஆகவே 1.465 × 10⁹.

முன்னால் நிற்கும் எண்ணுக்கு ஒரே நிபந்தனை: அது 1 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், ஆனால் 10-ஐத் தொடக்கூடாது. 14.65 × 10⁸ என்றாலும் மதிப்பு அதேதான். ஆனால் ஆளுக்கொரு விதமாக எழுதினால் இரண்டு எண்களை ஒப்பிடுவது கஷ்டம். எல்லோரும் ஒரே மாதிரி எழுதினால் அடுக்கைப் பார்த்தே எது பெரிது என்று சொல்லிவிடலாம்.

திருப்பாதிரிப்புலியூரில் என்னிடம் டியூஷன் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அவர்கள் பூஜ்யங்களை எண்ணுவார்கள். 1465000000-இல் பூஜ்யம் ஆறு, அதனால் 10⁶ என்று எழுதிவிடுவார்கள். பூஜ்யத்தை எண்ணக்கூடாது, புள்ளி தாண்டும் இலக்கங்களைத்தான் எண்ண வேண்டும். வழியில் 4, 6, 5 இருக்கின்றனவே, அவற்றையும் தாண்டித்தானே புள்ளி வருகிறது?

இரண்டாம் படி: சிறிய எண்ணை எழுதுவது

கன அடியைக் கன மீட்டராக மாற்ற வேண்டும். ஒரு கன அடி என்பது சுமார் 0.02832 கன மீட்டர். இங்கே புள்ளியை வலப்பக்கம் நகர்த்துகிறோம். 2-க்கும் 8-க்கும் நடுவில் வந்து நிற்கப் புள்ளி இரண்டு இலக்கம் தாண்டுகிறது: ஒன்று 0, அடுத்தது 2. வலப்பக்கம் நகர்ந்தால் அடுக்குக்கு எதிர்க்குறி. ஆகவே 2.832 × 10⁻².

எதிர்க்குறியைப் பார்த்ததும் எண்ணே எதிர்ம எண்ணாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். 10⁻² என்பது நூறில் ஒரு பங்கு. 2.832 × 10⁻² என்பது பூஜ்யத்தைவிடப் பெரிய, ஆனால் 1-ஐவிடச் சிறிய எண்.

இடமா வலமா என்று குழம்பினால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மூல எண் 10-ஐவிடப் பெரிதா, 1-ஐவிடச் சிறிதா? பெரிது என்றால் அடுக்கு நேர்க்குறி, சிறிது என்றால் எதிர்க்குறி. திசையை மனப்பாடம் செய்வதைவிட இது நம்பகமானது.

மூன்றாம் படி: பெருக்குவது

முன்னெண்களைத் தனியாகப் பெருக்குங்கள், அடுக்குகளைக் கூட்டுங்கள்.

(1.465 × 10⁹) × (2.832 × 10⁻²)

1.465 × 2.832 = 4.149 (சுமாராக). அடுக்கு: 9 + (−2) = 7. விடை 4.149 × 10⁷ கன மீட்டர், அதாவது நாலு கோடியே சொச்சம்.

அடுக்கை ஏன் கூட்டுகிறோம்? 10⁹ என்றால் ஒன்பது பத்துகள் வரிசையாகப் பெருக்கப்பட்டிருக்கின்றன. 10⁻² அதிலிருந்து இரண்டு பத்துகளை வகுத்து எடுத்துவிடுகிறது. மிச்சம் ஏழு பத்து. அடுக்குகளைப் பெருக்கி −18 என்று எழுதுபவர்கள் உண்டு. 10⁻¹⁸ கன மீட்டர் ஒரு துளிக்குள்ளேயே காணாமல் போகும் அளவு, அதை ஏரி என்று சொன்னால் காட்டுமன்னார்கோயில்காரர்கள் சும்மா விடமாட்டார்கள்.

நான்காம் படி: விடையைச் சரிப்படுத்துவது

இனி துளிகள். ஒரு மில்லிலிட்டர் தண்ணீருக்கு 20 துளி என்று வைத்துக்கொள்வோம், மருத்துவமனையில் சாதாரண டிரிப்ஸ் குழாய்க்கு வைக்கும் கணக்கு இதுதான். ஒரு கன மீட்டரில் 10⁶ மில்லிலிட்டர், ஆகவே 2 × 10⁷ துளி.

(4.149 × 10⁷) × (2 × 10⁷) = 8.298 × 10¹⁴ துளி. சுருக்கமாக 8.30 × 10¹⁴.

இதில் சிக்கல் இல்லை. அடுத்ததில்தான் இருக்கிறது. ஒரு கிராம் தண்ணீரில் சுமார் 3.34 × 10²² மூலக்கூறுகள். ஒரு துளியின் எடை 0.05 கிராம், அதாவது 5 × 10⁻² கிராம்.

(5 × 10⁻²) × (3.34 × 10²²) = 16.7 × 10²⁰

முன்னெண் 16.7. பத்தைத் தாண்டிவிட்டது. அதை 1.67 ஆக்கினால் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டோம், அந்தப் பத்தை அடுக்கிடம் கொடுத்துவிட வேண்டும்: 1.67 × 10²¹. சில்லறை மாற்றுவது போலத்தான், மொத்தத் தொகை மாறக்கூடாது.

அடுக்கு எதிர்க்குறியாக இருக்கும்போது இந்தச் சரிப்படுத்தல்தான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. (4 × 10⁻³) × (5 × 10⁻⁴) = 20 × 10⁻⁷. இதை 2 ஆக்கினால் அடுக்கு என்ன? "−8, சார்" என்று பல குரல்கள் ஒன்றாக வரும். அடுக்கில் ஒன்றைக் கூட்ட வேண்டும், −7 + 1 = −6. 7-ஐப் பார்த்து அதற்கு அடுத்தது 8 என்று கை தானாக எழுதிவிடுகிறது. விடை 2 × 10⁻⁶. சந்தேகம் வந்தால் சாதாரண எண்ணாக எழுதிப் பாருங்கள்: 0.004 × 0.0005 = 0.000002.

ஐந்தாம் படி: ஏரி முழுவதும்

(8.30 × 10¹⁴) × (1.67 × 10²¹) = 13.861 × 10³⁵ = 1.3861 × 10³⁶

இதை 1.39 × 10³⁶ என்று நிறுத்திக்கொள்கிறேன். நாம் உள்ளே கொடுத்த 1.67-இல் மூன்று இலக்கம்தான் இருந்தது, விடையில் ஐந்து இலக்கம் எழுதினால் நமக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுவதாகும். துளிக் கணக்கே உத்தேசம்தானே என்று கேட்டால், நியாயமான கேள்வி. ஆனால் துளி இங்கே வெறும் இடைத்தரகர். துளி பெரிதானால் எண்ணிக்கை குறையும், ஒவ்வொன்றிலும் மூலக்கூறு கூடும், கடைசி விடை மாறாது.

ஆறாம் படி: விடை சரியா என்று பார்ப்பது

ஒரே ஒரு நீர் மூலக்கூறின் நிறை 2.99 × 10⁻²³ கிராம். சாதாரணமாக எழுதினால் புள்ளிக்குப் பிறகு 22 பூஜ்யம் போட்டு அப்புறம் 299. இதை நம் எண்ணிக்கையால் பெருக்கினால் ஏரித் தண்ணீரின் எடை வர வேண்டும்.

(1.39 × 10³⁶) × (2.99 × 10⁻²³) = 4.16 × 10¹³ கிராம்

ஒரு டன்னில் 10⁶ கிராம், ஆகவே 4.16 × 10⁷ டன். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். மூன்றாம் படியில் கிடைத்தது 4.149 × 10⁷ கன மீட்டர். கடைசி இலக்கத்தில் உள்ள வித்தியாசம் நடுவில் முழுமைப்படுத்தியதால் வந்தது. அடுக்கு 7 அப்படியே பொருந்துகிறது, முக்கியம் அதுதான். நடுவில் 16.7-ஐ 1.67 ஆக்கிவிட்டு அடுக்கில் ஒன்றைக் கூட்ட மறந்திருந்தால் இங்கே 10⁶ வந்து காட்டிக் கொடுத்திருக்கும். ஒரு கிராமில் உள்ள மூலக்கூறு எண்ணிக்கையும் ஒரு மூலக்கூறின் நிறையும் ஒன்றுக்கொன்று தலைகீழ் என்பதால் இந்தச் சோதனை தண்ணீரைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்லாது. நம் அடுக்குக் கணக்கு தவறவில்லை என்பதை மட்டும் சொல்லும்.

கணினியில் செய்யும்போது

எக்செல் போன்ற விரிதாளில் 10-இன் அடுக்கை E என்ற எழுத்தால் குறிப்பார்கள்:

```
=1.465E9*2.832E-2
```

41488800 என்றோ 4.15E+07 என்றோ காட்டும், இரண்டும் ஒன்றே. E-க்குள்ளேயே "× 10" அடங்கிவிட்டது என்பதை மறந்து 10⁹ எழுத 10E9 என்று தட்டினால் 10¹⁰ ஆகிவிடும். சரியானது 1E9. 12 இலக்க ஆதார் எண்ணைத் தட்டினால் 1.23457E+11 மாதிரி மாறிவிடுவதும் இதனால்தான். விரிதாள் அதை ஒரு அளவு என்று நினைத்துக்கொள்கிறது. அந்தக் கட்டத்தை முதலில் உரை வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தட்டினால் எண் அப்படியே நிற்கும்.

நீங்களே செய்ய ஒன்று

ஏரியிலிருந்து வினாடிக்கு 70 கன அடி சென்னைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 86,400 வினாடி. (7 × 10¹) × (8.64 × 10⁴) = 60.48 × 10⁵, சரிப்படுத்தினால் 6.048 × 10⁶ கன அடி.

இதை ஏரியின் கொள்ளளவிலிருந்து கழிக்கும்போது மட்டும் கவனம். பெருக்கலுக்கான விதி கூட்டல் கழித்தலுக்குச் செல்லாது. 1.465 × 10⁹-இலிருந்து 6.048 × 10⁶-ஐக் கழிக்க முதலில் இரண்டையும் ஒரே அடுக்குக்குக் கொண்டுவர வேண்டும்: 1465 × 10⁶ − 6.048 × 10⁶ = 1458.952 × 10⁶, அதாவது சுமார் 1.459 × 10⁹ கன அடி. செய்தித்தாள் மொழியில் 1,459 மில்லியன் கன அடி.